பள்ளிக்கூடம் மூடின நாளுக்கும் கேன்டீன் கட்டணமா? நிர்வாகத்துக்கு எழுத வேண்டிய கடிதம்

(கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிக் குழுக்களின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம குழுக்கள் சிலது சேர்ந்து தனியார் பள்ளிக்கூடங்கள்ல கேன்டீன் எடுத்து நடத்துறது உங்களுக்குத் தெரியும். நம்ம பக்கத்துல இதுக்கு ஒரு தேவையும் இருக்கு. ஏலத் தோட்டத்துக்குப் போற தாய்மார்கள் விடியறதுக்கு முந்தியே ஜீப் ஏறிடறாங்க. திராட்சைத் தோட்டம், வாழைத் தோட்டம்னு போறவங்களும் அப்படித்தான். பிள்ளைகள் வெறும் வயித்தோட வந்து கேன்டீன்ல ரெண்டு இட்லி வாங்கித் தின்னுட்டு வகுப்புக்குப் போகுதுங்க. அதனால வியாபாரம் நடக்குது. ஆனா போன கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க: "மழைக்கு லீவு விட்டாங்க, ஒரு பைசா வியாபாரம் இல்ல. ஆனா மாசக் கட்டணம் ஒம்பதாயிரம் அப்படியே கட்டணும்கிறாங்க. இது நியாயமா? கேட்டா தருவாங்களா?"

இன்னைக்கு அந்த ஒரு கேள்வியைப் பத்தி மட்டும் பேசுவோம். நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதணும். அது கெஞ்சற கடிதமா இருக்கக் கூடாது, சண்டைக் கடிதமாவும் இருக்கக் கூடாது. கணக்குக் கடிதமா இருக்கணும். அது எப்படின்னு படிப்படியாப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்லுது?

முதல்ல ஒரு உண்மையைத் தெரிஞ்சுக்குவோம். பள்ளிக்கூடம் மூடிடுச்சுங்கிறதுக்காக மட்டும் கட்டணம் தானாக் குறையாது. ஒப்பந்தத்துல "மாதம் ரூ.9,000" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தா, அதுதான் பேச்சு. "வியாபாரம் நடக்கல, அதனால கட்ட மாட்டேன்" என்று நாமளா நிறுத்த முடியாது.

கொரோனா காலத்துல இதே கேள்வி பெரிய இடத்துக்கே போச்சு. டெல்லியில கான் மார்க்கெட்டுன்னு ஒரு கடைத்தெரு. அங்க ஒரு செருப்புக் கடைக்காரர்கள், ஊரடங்குல கடை திறக்க முடியல, அதனால வாடகையை நிறுத்தி வைக்கணும்னு டெல்லி உயர் நீதிமன்றத்துல கேட்டாங்க. 2020 மே 21-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. வாடகையை நிறுத்த முடியாதுன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா ஊரடங்கை மனசுல வச்சு, கட்டுறதுக்குக் கொஞ்சம் கால அவகாசம் கொடுத்தது. அந்தத் தீர்ப்புல நாம கவனிக்க வேண்டியது இதுதான்: எதிர்பாராத அடைப்பு வந்தா என்ன செய்யணும்னு ஒப்பந்தத்துலேயே எழுதியிருந்தா, அந்த எழுத்துப்படி கேக்கலாம். எழுதாம விட்டிருந்தா கேக்குறது கஷ்டம்.

அப்ப நமக்கு வழியே இல்லையா? இருக்கு. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துல 62, 63 என்று ரெண்டு பிரிவு இருக்கு. ரெண்டு பேரும் சம்மதிச்சா ஒப்பந்தத்தை மாத்தி எழுதிக்கலாம்னு 62 சொல்லுது. பணம் வாங்க வேண்டியவர் விரும்பினா முழுசாவோ, ஒரு பகுதியையோ விட்டுக்கொடுக்கலாம்னு 63 சொல்லுது. ஆக, நிர்வாகம் மனசு வச்சாக் குறைக்கலாம், அதுக்குச் சட்டத்துல தடை கிடையாது. அந்த மனசை வரவழைக்கிறதுதான் கடிதத்தோட வேலை. 2020-ல ரயில் ஓடாம நின்ன காலத்துக்கு, ஸ்டேஷன்ல இருக்கிற உணவுக் கடைகளுக்கு ரயில்வே நிர்வாகமே உரிமக் கட்டணத்துல சலுகை கொடுத்தது. ஆள் வராத இடத்துல கடைக்காரர் கட்டணம் கட்ட முடியாதுங்கிறது பெரிய நிர்வாகத்துக்கும் புரியற விஷயம்தான்.

மாசக் கட்டணத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற நாள் கணக்கு

இப்ப கணக்குக்கு வருவோம். ஒரு உதாரணம் வச்சுக்குவோம். சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவுல ஒரு தனியார் பள்ளி. 600 பிள்ளைகள். ஆறு பேர் உள்ள ஒரு குழு கேன்டீன் எடுத்திருக்கு. ஜூன் முதல் மார்ச் வரைக்கும் பத்து மாசம், மாசம் ரூ.9,000. ஒவ்வொரு மாசமும் 5-ஆம் தேதிக்குள்ள கட்டணும். வருஷத்துக்கு மொத்தம் ரூ.90,000.

பள்ளிக்கூட டைரியை எடுத்துப் பாருங்க. வருஷ ஆரம்பத்துலேயே வேலை நாள் அட்டவணை அதுல இருக்கும். இந்தப் பத்து மாசத்துல 200 நாள் பள்ளி நடக்கும்னு போட்டிருக்கு. 90,000-ஐ 200-ஆல வகுத்தா ரூ.450. அதாவது மாசக் கட்டணம்னு பேர் இருந்தாலும், நாம ஒத்துக்கிட்டது ஒரு வேலை நாளுக்கு ரூ.450.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. சில பேர் அந்த மாசத்து வேலை நாளால வகுத்துடறாங்க. அக்டோபர்ல காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜை, சில வருஷம் தீபாவளி எல்லாம் வரும். வேலை நாள் 15 தான் இருக்குன்னு 9,000-ஐ 15-ஆல வகுத்தா ரூ.600 வரும். அது தப்பு. தீபாவளி லீவு, பரீட்சை லீவு, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கையெழுத்துப் போடும்போதே நமக்குத் தெரியும். அதைச் சேர்த்துத்தான் கட்டணம் பேசினோம். டைரியில முன்கூட்டியே அச்சடிச்ச விடுமுறைக்கு ஒரு பைசாவும் கேக்கக் கூடாது. கேட்டா, மத்த நியாயமான கணக்கையும் நிர்வாகம் நம்பாது.

நாம கேக்கலாம்னா எந்த நாளுக்கு? டைரியில வேலை நாள்னு இருந்து, எதிர்பாராம மூடின நாளுக்கு மட்டும். வடகிழக்குப் பருவமழையில கலெக்டர் அறிவிச்ச விடுமுறை, ஊர் அடைப்பு, தொற்று நோய்க்காக மூடினது இப்படி. 2011 டிசம்பர்ல முல்லைப் பெரியாறு பிரச்சினையில நம்ம பள்ளத்தாக்கே கடையடைப்புல கிடந்தது உங்கள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நாள்களை எந்த டைரியும் முன்கூட்டிச் சொல்லாது.

ஒரு நாள் மூடினா எவ்வளவு நட்டம்?

நம்ம உதாரணக் குழுவோட ஒரு நாள் கணக்கைப் பாருங்க. விற்பனை ரூ.3,500. அரிசி, உளுந்து, பருப்பு, எண்ணெய், காய்கறி சேர்த்து ரூ.1,900. கேஸ் ரூ.250. அன்னன்னைக்கு வேலை பார்க்குற மூணு பேருக்குத் தலைக்கு ரூ.200 வீதம் ரூ.600. மொத்தச் செலவு ரூ.2,750. மிச்சம் ரூ.750. அதுல கட்டணம் ரூ.450 போனா, குழுவுக்கு நிக்கிறது ரூ.300.

மூடின நாள்ல விற்பனையும் இல்ல, பொருள் செலவும் இல்ல. ஆனா அந்த ரூ.450 மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. நடந்த நாள்ல ரூ.300 மிச்சம், மூடின நாள்ல ரூ.450 நட்டம். அப்ப ஒரு நாள் மூடினா, ஒன்றரை நாள் உழைச்ச மிச்சம் அதுலேயே போயிடுது. ஆறு நாள் மூடினா ஒம்பது நாள் மிச்சம் காலி. "கஷ்டமா இருக்குங்கய்யா" என்று சொல்றதைவிட, இந்த ஒரு வரியைச் சொன்னாத் தாளாளருக்குச் சட்டுன்னு புரியும். இதைச் சொல்லணும்னா தினசரி விற்பனைப் பதிவேடு நம்மகிட்ட இருக்கணும். மூடின நாளுக்கும் தேதி போட்டு, "விற்பனை இல்லை – மழை விடுமுறை" என்று அதுல எழுதி வையுங்க.

எத்தனை நாள்னு நேர்மையா எண்ணணும்

உதாரணக் குழுவுக்கு அக்டோபர்ல 3 நாள், நவம்பர்ல 6 நாள் மழைக்காக மூடினாங்க. மொத்தம் 9 நாள். ஆனா பள்ளிக்கூடம் பாடம் முடிக்கணும்னு மூணு சனிக்கிழமை ஈடு செய்யும் வகுப்பு வச்சது. அந்த மூணு நாளும் பிள்ளைகள் வந்தாங்க, கேன்டீனும் நடந்தது. அந்த மூணை நாமளே கழிச்சிடணும். மிச்சம் 6 நாள்தான் நம்ம கணக்கு.

நிர்வாகம் கழிக்கிறதுக்கு முந்தி நாமளே கழிச்சுக் காட்டினா, மத்த எண்களை அவங்க சந்தேகப்பட மாட்டாங்க. ஒவ்வொரு நாளுக்கும் சாட்சியும் வச்சுக்கணும். பள்ளியிலிருந்து பெற்றோருக்கு வந்த குறுஞ்செய்தி, கலெக்டர் அறிவிப்பு வந்த பத்திரிகைத் துண்டு, இதுல ஏதாவது ஒண்ணு போதும். ஒரு எச்சரிக்கை: சில நாள் மாவட்டம் முழுக்க விடுமுறை இருக்காது. சில நாள் கீழ் வகுப்புக்கு மட்டும் லீவு விட்டிருப்பாங்க. நம்ம பள்ளி அன்னைக்கு உண்மையிலேயே மூடியிருந்ததான்னு பார்த்து எழுதுங்க.

எவ்வளவு கேக்கலாம்?

ஆறு நாளுக்கு ரூ.450 வீதம் ரூ.2,700 கேக்கலாமே என்று தோணும். நிர்வாகம் என்ன பதில் சொல்லும்னு யோசிங்க. "அந்த ஆறு நாளும் அறை உங்ககிட்டதானம்மா இருந்தது? உங்க அடுப்பு, அண்டா, கிரைண்டர் எல்லாம் எங்க இடத்துலதானே பூட்டிக் கிடந்தது?" இதுவும் நியாயம்தான்.

அதனால கட்டணத்தை ரெண்டாப் பிரிச்சுப் பார்ப்போம். ஒரு பங்கு, இடத்துக்கு. அது பள்ளி மூடினாலும் உண்டு. இன்னொரு பங்கு, பிள்ளைகள் வர்றதால நடக்கிற வியாபாரத்துக்கு. அது பிள்ளைகள் வந்தாத்தான் உண்டு. இடத்துக்கு மாசம் ரூ.3,000, வேலை நாளுக்கு ரூ.300 என்று வச்சுப் பாருங்க. பத்து மாசத்துக்கு இடப் பங்கு ரூ.30,000. 200 நாளுக்கு வேலை நாள் பங்கு ரூ.60,000. மொத்தம் ரூ.90,000. பழைய தொகையேதான்! அட்டவணைப்படி பள்ளி நடந்தா நிர்வாகத்துக்கு ஒரு ரூபாய் கூடக் குறையாது. எதிர்பாராம மூடினா மட்டும் நாளுக்கு ரூ.300 குறையும். நிர்வாகத்தை ஒத்துக்க வைக்கிற இடம் இதுதான்.

இந்தக் கணக்குப்படி ஆறு நாளுக்கு ரூ.1,800 கேக்குறோம். மீதி ரூ.900-ஐ நாம சுமக்கிறோம். சுமையைப் பங்கு போட்டுக்கிட்டோம்னு கடிதத்துலேயே சொல்லலாம்.

நமக்கும் இதுல ஒரு கட்டுப்பாடு உண்டு, அதை மறைக்கக் கூடாது. 22 நாள் வேலை இருக்கிற மாசத்துல ரூ.9,600 கட்டணும். 15 நாள் இருக்கிற மாசத்துல ரூ.7,500 கட்டுவோம். வருஷத்துல 200-க்கு மேல பத்து நாள் அதிகம் நடந்தா ரூ.3,000 கூடுதலாப் போகும். ஆனா அந்தப் பத்து நாள்ல செலவு போக ரூ.7,500 நம்ம கைக்கு வந்திருக்குமே. அதனால பயப்பட வேண்டாம். மாசா மாசம் தொகை மாறுறது எங்க கணக்கருக்குச் சிரமம்னு நிர்வாகம் சொன்னா, ரூ.9,000 வீதமே கட்டிட்டு, மார்ச் கடைசியில ஒரே தடவையா நேர் செஞ்சுக்கலாம்னு சொல்லுங்க.

கடிதம்

முதல்ல குழுக் கூட்டத்துல பேசித் தீர்மானப் புத்தகத்துல எழுதுங்க. ஒப்பந்தம் குழு பேர்ல இருந்தா கடிதமும் குழு பேர்லதான் போகணும். ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போடணும். கடிதம் இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்:
ஊக்குநர் மற்றும் பிரதிநிதிகள்,
(குழுவின் பெயர், ஊர்).

பெறுநர்:
உயர்திரு தாளாளர் அவர்கள்,
(பள்ளியின் பெயர், ஊர்).

பொருள்: பள்ளிச் சிற்றுண்டிச் சாலை – எதிர்பாராத விடுமுறை நாட்களுக்காக மாதக் கட்டணத்தை நேர் செய்யவும், இனிவரும் மாதங்களுக்குத் திருத்தி அமைக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. சிற்றுண்டிச் சாலை ஒப்பந்தம், நாள் ......
2. பள்ளியின் இவ்வாண்டு வேலை நாள் அட்டவணை.
3. எங்கள் குழுக் கூட்டத் தீர்மானம், நாள் ......

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தங்கள் பள்ளியில் சிற்றுண்டிச் சாலை நடத்த எங்கள் குழுவுக்கு வாய்ப்பளித்தமைக்கு நன்றி. டிசம்பர் மாதம் வரையிலான கட்டணம் முழுவதையும் உரிய தேதியில் செலுத்தியுள்ளோம்.

பள்ளி அட்டவணையில் வேலை நாட்களாக இருந்தவற்றில் அக்டோபரில் 3 நாட்களும் நவம்பரில் 6 நாட்களும் மழை காரணமாகப் பள்ளி நடைபெறவில்லை. அதற்கு ஈடாக 3 சனிக்கிழமைகளில் பள்ளி நடந்தது. அந்நாட்களைக் கழித்து, 6 நாட்களுக்கு மட்டுமே இக்கோரிக்கையை வைக்கிறோம். தேதிவாரிப் பட்டியல் இணைத்துள்ளோம். அட்டவணையில் முன்பே இருந்த விடுமுறைகள் எதையும் இதில் சேர்க்கவில்லை.

ஆண்டுக் கட்டணம் ரூ.90,000. வேலை நாட்கள் 200. எனவே ஒரு வேலை நாளுக்கு ரூ.450 ஆகிறது. பள்ளி மூடியிருந்தபோதும் அறை எங்கள் பயன்பாட்டில் இருந்ததால், அதற்காக நாளுக்கு ரூ.150-ஐ நாங்களே ஏற்றுக்கொள்கிறோம். மீதமுள்ள ரூ.300 வீதம் 6 நாட்களுக்கு ரூ.1,800-ஐ ஜனவரி மாதக் கட்டணத்தில் கழித்து, ரூ.7,200 செலுத்த அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இனிவரும் மாதங்களுக்கு, மாதம் ரூ.3,000 மற்றும் பள்ளி நடந்த ஒவ்வொரு நாளுக்கும் ரூ.300 என்று கட்டணத்தை மாற்றி அமைக்க வேண்டுகிறோம். 200 நாட்கள் பள்ளி நடந்தால் ஆண்டுத் தொகை இப்போதுள்ள ரூ.90,000-ஆகவே இருக்கும். மாணவர்களில் பாதிப் பேருக்கும் குறைவாக வரும் நாட்களை அரை நாளாக, ரூ.150 எனக் கொள்ளலாம். பள்ளி தொடர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் மூடப்பட்டால், அதன் பின் மூடியிருக்கும் காலத்துக்குக் கட்டணம் இல்லை என்றும் சேர்க்க வேண்டுகிறோம்.

தாங்கள் குறிப்பிடும் நாளில் பதிவேடுகளுடன் நேரில் வந்து விளக்கத் தயாராக உள்ளோம். ஜனவரி 5-ஆம் தேதிக்கு முன் தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
(கையொப்பங்கள்)

இணைப்பு: மூடிய நாட்கள், ஈடு செய்த நாட்கள் பட்டியல், தீர்மான நகல்.
நகல்: தலைமை ஆசிரியர்.

கடிதம் ஒரு பக்கம், பட்டியல் ஒரு பக்கம். அதுக்கு மேல வேண்டாம்.

கடிதத்துல ஏன் அந்த வரிகள்?

"அரை நாள்" என்று ஒரு வரி இருக்கே, அது ஏன்? கொரோனாவுல பள்ளிகள் 2020 மார்ச்சுல மூடி, 2021 ஜனவரி 19-ஆம் தேதி திறந்தப்ப, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் மட்டும்தான் வந்தாங்க. ஒன்பதும் பதினொண்ணும் பிப்ரவரி 8-ல வந்தாங்க. ஒண்ணு முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் வந்தாங்க. "பள்ளி திறந்தாச்சு" என்று சொல்லலாம், ஆனா கேன்டீன்ல வாங்க ஆள் கால்வாசி கூட இருக்காது. பள்ளி நடந்த நாள்னா என்னன்னு எழுதி வைக்கலைன்னா, இந்த மாதிரிக் காலத்துல தகராறு வரும்.

ஒரு மாசத்துக்கு மேல மூடினா கட்டணம் இல்லைங்கிற வரி ஏன்? இதுக்கும் கணக்கு இருக்கு. செலவு போக நாளுக்கு ரூ.750 நிக்குது. பழைய கட்டணம் ரூ.90,000-ஐ அதுலேருந்து கட்டணும்னா 120 நாள் கேன்டீன் ஓடணும். அதுக்குக் குறைஞ்சா சேமிப்புல கை வைக்கணும், இல்லைன்னா கடன். புது முறையில வேலை நாள் பங்கு போக நாளுக்கு ரூ.450 நிக்கும். இடப் பங்கு ரூ.30,000-ஐக் கட்ட 67 நாள் போதும். ஆனா மாசக் கணக்குல மூடிக் கிடந்தா அந்த 67 நாள்கூட வராம போகலாம். அதனாலதான் அந்த வரி. வெறும் அறைக்குக் கட்டணம் விட மாட்டோம்னு நிர்வாகம் சொன்னா, பாத்திரங்களை எடுத்துக்கிட்டுச் சாவியை ஒப்படைக்கிறோம், திறக்கும்போது எங்களுக்கே தாங்கன்னு எழுத்துல கேளுங்க.

கெட்டுப்போன மாவைப் பத்தி ஏன் எழுதலைன்னு கேப்பீங்க. ராத்திரி மாவு ஆட்டி வச்சு, காலையில ஆறு மணிக்கு லீவுன்னு செய்தி வந்தா நட்டம்தான். ஆனா அதையும் கூலியையும் கட்டணக் கடிதத்துல கலந்தா, நிர்வாகம் அந்த ஒண்ணை மறுத்து மொத்தத்தையும் தள்ளிடும். அதை வேற விதமாத் தீர்க்கலாம். பள்ளியிலிருந்து பெற்றோருக்குச் செய்தி போகும்போதே கேன்டீன் பொறுப்பாளருக்கும் அனுப்பச் சொல்லி, அலுவலகத்துல நம்ம நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்க. இதுக்கு ஒரு வாய்ப் பேச்சே போதும்.

எங்க சறுக்கும்?

முதல் சறுக்கல், கட்டணத்தை நாமளே பிடிச்சுக்கிட்டுக் கட்டுறது. கேட்ட ரூ.1,800-ஐ நிர்வாகம் ஒத்துக்கிறதுக்கு முந்தியே கழிச்சுக் கட்டினா, "நீங்க ஒப்பந்தத்தை மீறிட்டீங்க" என்று அவங்க நம்மள வெளியேத்த ஒரு காரணம் கிடைச்சிடும். முன்பணத்துல கழிச்சுக்கோங்கன்னு நாமளாச் சொல்லிட்டு உக்காரவும் கூடாது. பதில் வர்ற வரைக்கும் முழுசாக் கட்டுங்க. ரசீதுல, "கோரிக்கை நிலுவையில் உள்ளது" என்று எழுதி வாங்க முடிஞ்சா நல்லது. உண்மையிலேயே முழுசாக் கட்ட முடியலைன்னா, எவ்வளவு முடியும், மீதியை எந்தத் தேதிக்குள்ள கட்டுவோம்னு கெடு தேதிக்கு முந்தியே எழுதிக் கொடுத்திடுங்க.

ரெண்டாவது சறுக்கல், வாய் வார்த்தையை நம்பறது. தாளாளர் நல்ல மனுஷரா இருப்பார். "சரிம்மா, பாத்துக்கலாம்" என்பார். அடுத்த வருஷம் நிர்வாகக் குழுவே மாறிடலாம். புதுசா வர்ற கணக்கர் புத்தகத்தைப் பார்த்து ரூ.1,800 பாக்கின்னு சொல்லுவார். அதனால அவர் வாயால ஒத்துக்கிட்ட அன்னைக்கே, "இன்று தாங்கள் தெரிவித்தபடி ஜனவரி கட்டணம் ரூ.7,200 செலுத்துகிறோம்" என்று ரெண்டு வரி எழுதிக் கொடுத்து, நம்ம நகல்ல முத்திரையோட கையெழுத்து வாங்கிடுங்க. கட்டண முறையே மாறுதுன்னா, பழைய ஒப்பந்தத்தோட ஒரு துணை ஒப்பந்தம் எழுதி ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும்.

மூணாவது சறுக்கல், காலம் கடத்துறது. மழை அக்டோபர்ல பெய்யும், கடிதம் ஏப்ரல்ல போகும். அதுக்குள்ள பள்ளிக் கணக்கு முடிஞ்சிருக்கும், எந்த நாள் மூடினதுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு மாசத்துல மூணு நாளுக்கு மேல எதிர்பாராம மூடினா, அடுத்த மாசத்துக்குள்ள கடிதம் போயிடணும்.

மறுத்துட்டா?

நிர்வாகம் முடியாதுன்னு சொல்லலாம். "மழை விடுமுறை வருஷா வருஷம் வர்றதுதானே, தெரிஞ்சுதானே எடுத்தீங்க" என்பாங்க. இந்த வருஷத்துக்கு அதுக்குப் பெரிசா பதில் இல்லை. அப்ப கழிவு வேண்டாம், கட்ட அவகாசம் கொடுங்கன்னு கேக்கலாம். இல்லைன்னா விளையாட்டு விழா, ஆண்டு விழா அன்னைக்குக் கடை போட எங்களுக்கே அனுமதி கொடுங்கன்னு கேக்கலாம். பணத்தைக் குறைக்கத் தயங்குற நிர்வாகம் இதுக்குச் சம்மதிக்க வாய்ப்பு உண்டு.

ஆனா புதுப்பிக்கும்போது விடக் கூடாது. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள்ள முடியறதா இருக்கும். மார்ச் மாசம் புதுசா எழுதும்போது இந்தக் கடிதத்துல இருக்கிற ரெண்டாவது கோரிக்கையை, அதான் இடப் பங்கு, வேலை நாள் பங்கு, அரை நாள், நீண்ட அடைப்பு இந்த நாலையும், நாலு வரியா ஒப்பந்தத்துலேயே எழுதச் சொல்லுங்க. அடைப்பு வர்றதுக்கு முந்தி பேசினா ரெண்டு தரப்புக்கும் கோபம் வராது. அந்த நாலு வரி இருந்தா, அடுத்த மழைக்கு யாரும் கடிதமே எழுத வேண்டாம்.

இப்ப கேன்டீன் நடத்துற குழுக்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மூணு பொருள் கொண்டு வாங்க: ஒப்பந்த நகல், பள்ளி டைரி, தினசரி விற்பனைப் பதிவேடு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நாள் கட்டணம் எவ்வளவுன்னு அன்னைக்கு உக்காந்து போட்டுப் பார்த்திடுவோம்.